"போர் லூசா வருதுங்ணா": வாட்ஸ்அப் செய்தியை என்.சி.ஆர். ஆக்குவது எப்படி?

கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு சிறிய சி.என்.சி. பட்டறை என்று வைத்துக்கொள்வோம். தரம் பார்க்கும் இன்ஸ்பெக்டர் ஒரு மணி நேரத்துக்கு ஒரு முறை மெஷின் மெஷினாகப் போய் ஐந்து ஐந்து பீஸ் எடுத்து அளக்கிறார். பத்தரை மணிச் சுற்றில் ஏதோ தப்பாக இருப்பது தெரிகிறது. உடனே போனை எடுத்து தரப்பிரிவு பொறுப்பாளருக்கு எழுதுகிறார்:

10:34 அண்ணா 3ம் நம்பர் மெஷின்ல புஷ் போர் லூசா வருதுங்க
10:34 நோ-கோ சும்மா வழுக்கிட்டு உள்ள போகுது
10:35 ஒரு 15, 20 பீஸ் இருக்கும்
10:36 இன்சர்ட் தேஞ்சிருக்கும்னு நினைக்கிறேன். மெஷின நிறுத்தச் சொல்லிட்டேன்
10:41 பிசிறு எடுக்கற டேபிளுக்கும் கொஞ்சம் போயிருச்சுங்ணா
10:52 போர் கேஜ் போட்டுப் பார்த்தேன், 35, 36 காட்டுது

புஷ் என்பது நடுவில் துளையுள்ள உருளை வடிவப் பாகம், போர் அதன் உள்துளை, இன்சர்ட் என்பது அதைக் கடையும் டூலின் மாற்றக்கூடிய வெட்டுமுனை. இந்தச் செய்தியில் குறை சொல்ல எதுவும் இல்லை. அவசரத்தில் இப்படித்தான் எழுத வேண்டும். மெஷின் நின்றது, பொறுப்பாளருக்குத் தெரிந்தது, வேலை நடந்தது. ஆனால் இதே ஆறு வரியை மூன்று வாரம் கழித்து, அந்த இடத்தில் இல்லாத ஒருவர் படித்தால் அவருக்கு என்ன புரியும்? எந்த புஷ்? லூஸ் என்றால் எவ்வளவு? 15ஆ, 20ஆ? "கொஞ்சம்" போனது திரும்பி வந்ததா? இந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்லும் தாள்தான் இணக்கமின்மை அறிக்கை. பட்டறையில் யாரும் அப்படிச் சொல்வதில்லை, "என்.சி. போட்டாச்சா?" என்றுதான் கேட்பார்கள். நானும் என்.சி.ஆர். என்றே எழுதுகிறேன்.

ஐ.எஸ்.ஓ. 9001 தரநிலையின் 2015ஆம் ஆண்டுப் பதிப்பில் 8.7 என்ற பிரிவு இதைப் பற்றியது. எது பொருந்தவில்லை, அதற்கு என்ன செய்தோம், அப்படியே ஏற்றுக்கொள்ளச் சம்மதித்து விலக்கு ஏதும் வாங்கினோமா, முடிவெடுத்தவர் யார் என்று எழுதி வைக்க வேண்டும் என்று அது கேட்கிறது. இப்படித்தான் படிவம் இருக்க வேண்டும் என்று அது சொல்லவில்லை. அதனால் ஒவ்வொரு பட்டறையிலும் படிவம் ஒவ்வொரு மாதிரி இருக்கும். எந்தப் படிவமானாலும் இன்ஸ்பெக்டர் நிரப்ப வேண்டிய பகுதி மூன்று விஷயத்தில் அடங்கிவிடும்: என்ன குறை, எத்தனை, எங்கே. மேலே உள்ள செய்தியை வைத்தே ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

"லூசா இருக்கு" என்பது குறை அல்ல

லூஸ் என்பது கையில் கிடைத்த உணர்வு. இருக்க வேண்டியது இவ்வளவு, இருப்பது இவ்வளவு என்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் அது குறை ஆகும். இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் அறிக்கை நிற்காது.

இங்கே இருக்க வேண்டியது வரைபடத்தில் இருக்கிறது. புஷ் இ.என்.8 எஃகு, நீளம் 40 மி.மீ., உள்துளைக்கு வரைபடத்தில் Ø25 H7 என்று போட்டிருக்கிறது. H7 என்பது துளையின் அளவு எவ்வளவு விலகலாம் என்று சொல்லும் குறியீடு. 25 மி.மீ. துளைக்கு அதன் பொருள், அளவு 25.000இலிருந்து 25.021 மி.மீ. வரை இருக்கலாம், அதற்கு மேலேயும் கூடாது, கீழேயும் கூடாது என்பது. பட்டறையில் இதைப் பார்க்க பிளக் கேஜ் வைத்திருப்பார்கள். ஒரு முனை கோ, மறு முனை நோ-கோ. கோ முனை துளைக்குள் போக வேண்டும். நோ-கோ முனை போகவே கூடாது. போனால் துளை மேல் எல்லையைத் தாண்டிவிட்டது என்று பொருள்.

பிளக் கேஜ் "ஆம், இல்லை" என்று மட்டும்தான் சொல்லும். எவ்வளவு தாண்டியது என்று அதற்குத் தெரியாது. நம் இன்ஸ்பெக்டர் அதோடு நிற்காமல் போர் கேஜ் எடுத்து அளந்தது நல்ல வேலை. ஆனால் "35, 36 காட்டுது" என்று எழுதியதில் ஒரு பள்ளம் இருக்கிறது. அவர் சொல்வது 25 மி.மீ.க்கு மேல் 35 மைக்ரான், அதாவது 25.035. பக்கத்தில் நின்றவருக்கு இது புரியும். தூரத்தில் இருந்து படிப்பவர், எல்லையைத் தாண்டி 35 மைக்ரான் என்று எடுத்துக்கொள்ளலாம். அப்படியானால் 25.056 ஆகிவிடும். உண்மையில் எல்லைக்கு மேல் இருப்பது 14 மைக்ரான்தான். வாடிக்கையாளரிடம் விலக்கு கேட்கப் போகும்போது 14க்கும் 35க்கும் இடையில் உள்ள தூரம் ரொம்பப் பெரியது. அதனால் அறிக்கையில் எப்போதும் முழு அளவையே எழுதுங்கள். 25.035 என்று எழுதினால் யாருக்கும் சந்தேகம் வராது.

எந்தக் கருவியில் அளந்தோம் என்பதும் குறையின் பகுதியே. கேஜின் எண்ணை எழுதினால், அதன் காலிபரேஷன் நடப்பில் இருக்கிறதா என்று பிறகு யாரும் பார்த்துக்கொள்ளலாம். எழுதாவிட்டால், "உங்க கேஜ் சரியா?" என்ற ஒரே கேள்வியில் அறிக்கை முழுவதும் ஆடிப்போகும்.

இன்னொன்று, சூடு. மெஷினிலிருந்து எடுத்த கையோடு அளந்தால் பீஸ் விரிந்திருக்கும். எஃகு 25 மி.மீ. அளவில் 10 டிகிரி கூடுதல் சூட்டுக்குச் சுமார் 3 மைக்ரான் விரியும். மொத்தம் அனுமதித்ததே 21 மைக்ரான் என்னும்போது 3 சின்ன விஷயம் இல்லை. இங்கே மெஷின் நின்று இருபது நிமிடம் கழித்து, பீஸ் ஆறிய பிறகு அளந்திருக்கிறார். அதை அறிக்கையில் ஒரு வார்த்தையாகச் சேர்த்துவிட்டால், பின்னால் "சூடா இருக்கும்போது அளந்திருப்பீங்க" என்று யாரும் தட்டிவிட முடியாது.

எத்தனை: ஒரு எண் போதாது

"ஒரு 15, 20 பீஸ் இருக்கும்." இந்த வரியைப் பார்த்தால் எனக்கு உண்மையிலேயே கவலை வரும். 15க்கும் 20க்கும் நடுவில் இருக்கும் அந்த ஐந்து பீஸ் எங்கே இருக்கிறது? மற்ற எல்லா வரியையும் விட இந்த வரிதான் வாடிக்கையாளர் வீட்டு வாசலில் போய் நிற்கும்.

தொடக்கத்தில் இருப்பவர்கள் பெரும்பாலும் "குறையுள்ளது: 5" என்று எழுதிவிடுவார்கள். ஏனென்றால் அவர்கள் கையில் எடுத்துப் பார்த்தது ஐந்து, ஐந்தும் தேறவில்லை. ஆனால் அந்த எண்ணை மட்டும் படிப்பவர், 500இல் ஐந்தா, ஐந்தில் ஐந்தா என்று எப்படிக் கண்டுபிடிப்பார்? ஐந்தில் ஐந்து என்றால் மெஷினே மாறிப்போய் ஓடுகிறது. 500இல் ஐந்து என்றால் எங்கோ எப்போதாவது தவறுகிறது. இரண்டுக்கும் பார்க்க வேண்டிய இடமே வேறு. அதனால் அளவுப் பகுதியில் குறைந்தது மூன்று எண் வேண்டும்: சந்தேகத்துக்கு உரியவை எத்தனை, அவற்றில் பார்த்தவை எத்தனை, பார்த்ததில் தேறாதவை எத்தனை.

இவற்றில் முதல் எண்தான் கஷ்டமானது. அதை யாரும் மனக்கணக்கில் சொல்லக் கூடாது. இப்படிக் கணக்கிட வேண்டும்: கடைசியாக எப்போது அளந்து சரியாக இருந்தது? ஒன்பதரை மணிச் சுற்றில் எடுத்த ஐந்தும் சரி. அப்போது மெஷினின் கவுண்டர் 68. எப்போது மெஷின் நின்றது? பத்தரைக்கு அளந்தபோது கவுண்டர் 86, அப்படியே நிறுத்திவிட்டார்கள். 86இல் 68 போனால் 18. சந்தேகத்துக்கு உரியவை சரியாக 18. பதினைந்தும் இல்லை, இருபதும் இல்லை.

இங்கே ஆபரேட்டர் ஒரு தகவல் சொல்வார்: "9:50க்கு இன்சர்ட் மாத்தினேன், அதுக்கு முன்னாடி போனதெல்லாம் நல்ல பீஸ்தான்." பெரும்பாலும் அவர் சொல்வது சரியாகவே இருக்கும். ஆனாலும் எல்லைக்கோட்டை 9:50இல் போடாதீர்கள். 9:30 என்பது அளந்து தெரிந்த நேரம். 9:50 என்பது நினைவில் இருந்தோ லாக் புத்தகத்தில் இருந்தோ வரும் நேரம். அளந்த இடத்தில் இருந்து எண்ணுங்கள். நடுவில் இருக்கும் நல்ல பீஸ்கள் சோதித்ததும் தாமாகவே வெளியே வந்துவிடும்.

சரி, 9:30க்கு முன்னால் போன 68 பீஸ்? அவற்றையும் பார்க்க வேண்டாமா? இந்த இடத்தில் குறையின் தன்மையைப் பார்க்க வேண்டும். பத்தரைக்கு எடுத்த ஐந்தில் ஐந்தும் தவறு, 9:30க்கு எடுத்த ஐந்தில் ஐந்தும் சரி. நடுவில் எங்கோ ஒரே தாவலாகத் தாவியிருக்கிறது. தாவிய பிறகு வரும் எல்லாப் பீஸும் ஒரே மாதிரி தப்பாக இருக்கும், தாவுவதற்கு முன் எல்லாம் ஒரே மாதிரி சரியாக இருக்கும். இப்படிப்பட்ட குறைக்கு 9:30 நல்ல எல்லை. ஆனால் பீஸ் ஒன்றோடொன்று மோதி விழும் தழும்பு மாதிரி, இடைக்கிடை வரும் குறை என்றால் கதை வேறு. ஐந்து பீஸில் தழும்பு இல்லை என்பதால் மற்ற 63லும் இருக்காது என்று யாரும் சொல்ல முடியாது. அந்த மாதிரிக் குறைக்கு எல்லையைப் பின்னுக்குத் தள்ளி, அந்த ஷிப்டில் ஓடியது முழுவதையும் சந்தேகத்தில் வைக்க வேண்டியிருக்கும்.

18இலும் ஒவ்வொன்றாக நோ-கோ போட்டுப் பார்த்தால் 12 தேறவில்லை, 6 நன்றாக இருக்கிறது. இப்போது மூன்று எண்ணும் கைக்கு வந்துவிட்டன: 18, 18, 12.

எங்கே: மூன்று எங்கேக்கள்

"3ம் நம்பர் மெஷின்ல" என்று செய்தியில் இருப்பதால் இடம் சொல்லியாகிவிட்டது என்று தோன்றும். ஆனால் என்.சி.ஆர்.இல் "எங்கே" என்ற ஒரே சொல்லுக்குள் மூன்று வெவ்வேறு கேள்விகள் ஒளிந்திருக்கின்றன. நான் பார்த்தவரை புதியவர்கள் எல்லாரும் இதில் ஒன்றை எழுதி மற்ற இரண்டை விடுவார்கள்.

முதல் எங்கே, பீஸில் எந்த இடத்தில் என்பது. துளை பெரிதாக இருக்கிறது, சரி. வாயில் மட்டுமா, அடிவரைக்குமா? 40 மி.மீ. நீளத் துளையில் வாயிலிருந்து 5 மி.மீ., 20 மி.மீ., 35 மி.மீ. என மூன்று ஆழத்தில், ஒவ்வொன்றிலும் குறுக்கும் நெடுக்குமாக இரண்டு திசையில் அளந்தால் துளையின் உருவமே தெரிந்துவிடும். வாய் மட்டும் விரிந்திருந்தால் ஒரு காரணம். ஒரு முனையில் பெரிதாகி மறு முனையில் சிறுத்துப் போனால் வேறு காரணம். எல்லா ஆழத்திலும் ஒரே அளவு பெரிதாக இருந்தால் முற்றிலும் வேறு. பீஸைப் பிடிக்கும் மூன்று தாடைச் சக்கில் அதிகமாக இறுக்கிவிட்டால் துளை வட்டமாக இல்லாமல் மூன்று பக்கம் பிதுங்கி நிற்கும். இரண்டு முனையால் அளக்கும் போர் கேஜ் அதைச் சரியாகக் காட்டாது என்பதையும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். நம் பன்னிரண்டு பீஸில் மூன்று ஆழத்திலும் அளவு ஒன்றாகவே இருக்கிறது, வித்தியாசம் 2 மைக்ரானுக்குள். இந்த ஒரு வரி பின்னால் எவ்வளவு வேலை செய்யப்போகிறது என்று பாருங்கள்.

இரண்டாவது எங்கே, வேலை ஓட்டத்தில் எந்த இடத்தில் என்பது. மெஷின் எண் 3, ஆபரேஷன் 20, ஏ ஷிப்ட். இது செய்தியில் பாதி இருந்தது. அதே புஷ் 5ஆம் நம்பர் மெஷினிலும் ஓடுகிறது என்றால், அங்கேயும் அளந்து பார்த்தது, அங்கே சரியாக இருந்தது என்பதையும் எழுதலாம். எங்கே குறை இல்லை என்பதும் தகவல்தான்.

மூன்றாவது எங்கே, அந்தப் பீஸ்கள் இப்போது எங்கே கிடக்கின்றன என்பது. மூன்றில் அதிகமாக விட்டுப்போவது இதுதான். விட்டால் அதிக சேதம் செய்வதும் இதுதான். நம் கணக்கில் 18 பீஸ். இன்ஸ்பெக்டர் கையில் ஐந்து. மெஷின் பக்கத்து ட்ரேயை எண்ணினால் ஒன்பது. கூட்டினால் 14. நாலு பீஸ் எங்கே? "பிசிறு எடுக்கற டேபிளுக்கும் கொஞ்சம் போயிருச்சு" என்று 10:41க்கு எழுதினாரே, அந்தக் "கொஞ்சம்"தான் இந்த நாலு. ட்ரேயில் மேலே இருப்பதைத்தான் எடுத்துப் போவார்கள். மேலே இருப்பது கடைசியாக ஓடியது. அதனால் போன நாலும் தப்பான பீஸ். முதலில் ஓடிய நல்ல பீஸ்கள் அடியில் பத்திரமாக இருக்கின்றன. கவுண்டரை வைத்து 18 என்று எண்ணியதால்தான் நாலு குறைவது தெரிந்தது. "15, 20" என்று விட்டிருந்தால் 14 பீஸைப் பார்த்துவிட்டு, கிட்டத்தட்ட வந்துவிட்டது என்று நிம்மதியாக உட்கார்ந்திருப்பார்கள். நாலும் பிசிறு எடுத்து, கழுவி, எண்ணெய் தடவி, பெட்டியில் போயிருக்கும்.

அறிக்கையில் ஒரு சின்னக் கூட்டல் இருக்கட்டும்: 5 + 9 + 4 = 18. இடவாரியாகக் கூட்டினால் மொத்தம் வர வேண்டும். வரவில்லை என்றால் அறிக்கையில் கையெழுத்துப் போடாதீர்கள், பீஸைத் தேடுங்கள்.

எழுதக் கூடாத ஒரு வரி

செய்தியில் நாலாவது வரியைத் திரும்பப் பாருங்கள். "இன்சர்ட் தேஞ்சிருக்கும்னு நினைக்கிறேன்." பேசிக்கொள்ளும்போது இப்படிச் சொல்வதில் தப்பில்லை. ஆனால் அறிக்கையில் குறையை விவரிக்கும் பகுதிக்குள் இது நுழையக் கூடாது. நுழைந்துவிட்டால் அடுத்து படிப்பவர் இதைக் கண்டுபிடித்த உண்மை என்று எடுத்துக்கொண்டு, புது இன்சர்ட் போடச் சொல்லிவிட்டுக் கோப்பை மூடிவிடுவார்.

இந்த இடத்தில் அது தவறான யூகமும்கூட. உள்துளை போடும் இன்சர்ட்டின் முனை தேய்ந்தால் அது வெட்டும் ஆழம் குறையும், துளை சிறிதாகும். பெரிதாகாது. நம் துளை பெரிதாகியிருக்கிறது. அதுவும் 9:50க்குப் புது இன்சர்ட் போட்ட பிறகு. தேய்மானம் என்ற யூகத்தோடு அளவே ஒத்துப்போகவில்லை. இன்ஸ்பெக்டருக்கு இது தெரியாததல்ல, அவசரத்தில் கைப்பழக்கமாக வந்த வார்த்தை அது. பட்டறையில் எதற்கெடுத்தாலும் முதலில் வருவது "இன்சர்ட் தேஞ்சிருக்கும்"தான்.

அதற்குப் பதில், காரணம் தேடுபவருக்கு உதவும் நடப்புகளை எழுதுங்கள். 9:50க்கு இன்சர்ட் மாற்றப்பட்டது, லாக் புத்தகத்தில் இருக்கிறது. மாற்றிய பின் முதல் பீஸை அளந்த பதிவு இல்லை. இந்த இரண்டும் யூகம் இல்லை, பார்த்தால் தெரிகிற விஷயம். ஆபரேட்டரின் பெயரையும் குறை விவரத்துக்குள் எழுத வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. ஷிப்டும் மெஷினும் எழுதினாலே யார் ஓட்டினார் என்று தெரியும். பெயர் ஏறிவிட்டால் அறிக்கை ஆளைப் பற்றியதாக மாறிவிடும். அடுத்த முறை தப்பு நடக்கும்போது அந்த ஆள் சொல்லாமல் மறைப்பார். ஆபரேட்டர் வாய் திறந்து சொல்லும் தகவல் இல்லாமல் எந்த என்.சி.ஆர்.உம் முழுமையாக வராது.

இப்போது அறிக்கை

எண், தேதி, வரைபட எண் எல்லாம் படிவத்தின் தலையில் இருக்கும், அவற்றை விட்டுவிடுகிறேன். இன்ஸ்பெக்டர் எழுத வேண்டிய பகுதி இப்படி வரும்:

> பாகம்: புஷ், இ.என்.8, நீளம் 40 மி.மீ.
>
> தேவை: உள்துளை Ø25 H7 (25.000 முதல் 25.021 மி.மீ.)
>
> குறை: உள்துளை மேல் எல்லையைத் தாண்டியுள்ளது. நோ-கோ முனை உள்ளே போகிறது. போர் கேஜில் 25.034 முதல் 25.038 மி.மீ. வரை. பீஸ் ஆறிய பின் அளந்தது. பிளக் கேஜ், போர் கேஜ் எண்கள் படிவத்தின் கருவிப் பகுதியில்.
>
> அளவு: சந்தேகத்துக்கு உரியவை 18 (கவுண்டர் 69 முதல் 86 வரை). சோதித்தவை 18. தேறாதவை 12. தேறியவை 6.
>
> பீஸில் இடம்: துளையின் முழு நீளமும். வாயிலிருந்து 5, 20, 35 மி.மீ. ஆழங்களில் வித்தியாசம் 0.002 மி.மீ.க்குள்.
>
> வேலையில் இடம்: ஆபரேஷன் 20, சி.என்.சி. மெஷின் 3, ஏ ஷிப்ட், 9:30க்கும் 10:30க்கும் இடையில். 9:30 சோதனையில் 5 பீஸும் சரி.
>
> பீஸ்கள் இருந்த இடம்: இன்ஸ்பெக்டரிடம் 5 (தேறாதவை 5), மெஷின் ட்ரேயில் 9 (தேறாதவை 3), பிசிறு எடுக்கும் டேபிளில் 4 (தேறாதவை 4).
>
> உடனே செய்தது: மெஷின் நிறுத்தப்பட்டது. தேறாத 12 பீஸும் சிவப்பு அட்டை கட்டி, பூட்டிய சிவப்புப் பெட்டியில்.
>
> கவனத்துக்கு: 9:50க்கு இன்சர்ட் மாற்றியது லாக் புத்தகத்தில் உள்ளது. மாற்றிய பின் முதல் பீஸ் அளந்த பதிவு இல்லை.

இதில் "லூஸ்" இல்லை, "கொஞ்சம்" இல்லை, "இருக்கும்" இல்லை. ஆனால் செய்தியில் இருந்த எந்தத் தகவலும் தொலைந்து போகவில்லை. யூகம் ஒன்றைத் தவிர எல்லாம் தனக்குரிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது. அந்த வாட்ஸ்அப் செய்தியை அழிக்க வேண்டாம். யார் எப்போது யாருக்குச் சொன்னார் என்பதற்கு அதில் உள்ள நேரம் நல்ல சாட்சி. 10:36க்கு நிறுத்தச் சொன்னதாக எழுதியிருக்கிறார், கவுண்டர் 86இலேயே நிற்கிறது. இரண்டும் ஒத்துப்போவதால்தான் 86க்குப் பிறகு ஒரு பீஸும் ஓடவில்லை என்று துணிந்து எழுத முடிகிறது.

படிவத்தில் "தீர்வு" என்று ஒரு கட்டம் இருக்கும். அதை இன்ஸ்பெக்டர் காலியாகவே விட வேண்டும். துளை சிறிதாக இருந்திருந்தால் இன்னும் கொஞ்சம் கடைந்து எல்லைக்குள் கொண்டு வந்துவிடலாம். பெரிதான துளையைக் கடைந்து சிறிதாக்க முடியாது. மிஞ்சுவது கழித்துப் போடுவது, அல்லது வாடிக்கையாளரிடம் அளவைக் காட்டி எழுத்து மூலம் விலக்கு கேட்பது. 13 முதல் 17 மைக்ரான் அதிகமான துளையில் தங்கள் தண்டு வேலை செய்யுமா என்று அவருக்குத்தான் தெரியும். இன்ஸ்பெக்டர் தானாகவே "பயன்படுத்தலாம்" என்று எழுதினால், நாளை ஏதாவது ஆனால் பதில் சொல்ல வேண்டியவரும் அவரே.

காரணம் தேட வந்த எஞ்சினியருக்கு இந்தத் தாளே பாதி வேலையை முடித்துக் கொடுக்கும். துளை முழு நீளமும் ஒரே அளவு பெரிது, அதனால் வாய் மட்டும் விரியவில்லை, ஒரு முனை பெரிதாகி மறு முனை சிறுக்கவும் இல்லை. இன்சர்ட் மாற்றியதற்கு முன் ஓடிய ஆறும் சரி, பின் ஓடிய பன்னிரண்டும் தப்பு. அவர் நேராக மெஷின் 3இன் திரையில், டூல் தேய்வதை ஈடுகட்ட எண் போடும் வியர் ஆஃப்செட் பக்கத்தைத் திறப்பார். உள்துளை போடும் டூலின் வரிசையில் `X 0.025` என்று நிற்கும். பழைய இன்சர்ட் தேயத் தேயத் துளை சிறிதாகிக்கொண்டே வந்ததால், ஆபரேட்டர் அவ்வப்போது 5 மைக்ரானாக ஏற்றிக்கொண்டே போயிருக்கிறார். அது சரியான வேலைதான். புது இன்சர்ட் போட்டபோது அந்த எண்ணைப் பூஜ்யமாக்க விட்டுப்போயிருக்கிறது. 25.010 வர வேண்டிய துளை 25 மைக்ரான் கூடி 25.035 ஆகியிருக்கிறது. போர் கேஜ் காட்டியதும் அதுதான்.

அன்று மதியம் அந்த எண்ணைப் பூஜ்யமாக்கி, முதல் பீஸை அளந்து பார்த்துவிட்டு மெஷினை ஓட விடுவார்கள். தேறிய ஆறு பீஸ் திரும்ப ட்ரேக்குப் போகும். உற்பத்திப் பலகையில் 86 என்று எழுதியிருந்ததை அழித்து 74 என்று எழுதுவார்கள்.